துணிப் பின்னணியில் சுருக்கமா, வெளிச்சக் கோளாறா? பென்சில் வைத்துப் பிழை காணும் வழி

வீட்டிலிருந்தே எண்ணெய், தேன், சோப்பு, மண் பாத்திரம் என்று விற்பவர்களுக்குப் பொருள் படம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. தாங்களே எடுத்த படத்தைக் காட்டி வழி கேட்க வருபவர்களும் நிறைய. அவர்களில் பெரும்பாலானோர் சொல்வது ஒரே குறைதான்: "துணியை நன்றாக இஸ்திரி போட்டுத்தான் கட்டினேன். நேரில் பார்த்தால் ஒன்றும் இல்லை. படத்தில் மட்டும் கசங்கித் தெரிகிறது." நேரில் போய்ப் பார்த்தால் அவர்கள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். துணியில் இருக்கும் சுருக்கம் மிகச் சிறியது. அதைப் பெரிதாக்கிக் காட்டுவது வெளிச்சம் விழும் கோணம்.

அதனால் இஸ்திரிப் பெட்டியை எடுப்பதற்கு முன்னால் ஒரு பென்சிலை எடுங்கள். கீழே உள்ள பாதிச் சோதனைகள் அந்தப் பென்சிலைக் கொண்டு செய்பவைதான்.

## எந்தத் தலைப்புக்குப் போவது?

பொருளை எடுத்துவிட்டு வெறும் துணியை மட்டும் ஒரு படம் எடுங்கள். கேமரா, விளக்கு எதையும் நகர்த்த வேண்டாம். போனிலேயே அந்தப் படத்தைத் திறந்து, திருத்தும் பகுதியில் கான்ட்ராஸ்ட்டை முழுதாக ஏற்றி, வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததெல்லாம் அப்போது வெளியே வரும்.

கட்டம் கட்டமாக நேர்கோடுகள் தெரிந்தால் முதல் அறிகுறிக்குப் போங்கள். சாய்வாகவோ வளைந்தோ ஓடும் அலைகள் என்றால் இரண்டாவது. துணி முழுவதும் பொடிப்பொடியாகக் கசங்கலின் நிழல் தெரிந்தால் மூன்றாவது. ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டிருந்தால் நான்காவது. மூலைகள் மட்டும் இருண்டிருந்தால் ஐந்தாவது. நிறம் மாறினால் ஆறாவது. குறுக்கே பட்டை பட்டையாக வந்தால் ஏழாவது. எண்ணெய், தேன் போன்ற பாட்டில்களுக்குள் மட்டும் கோடு தெரிகிறது என்றால் நேராக எட்டாவதற்குப் போங்கள். அது தனிச் சிக்கல்.

## அறிகுறி 1: கட்டம் கட்டமாக நேர்கோடுகள்

இது மடித்து வைத்ததால் வந்த கோடு. வெளிச்சத்தை எப்படி மாற்றினாலும் முழுதாகப் போகாது. துணியைத்தான் சரி செய்ய வேண்டும்.

பருத்தி என்றால் வழி எளிது. துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஈரம் இருக்கும்போதே நல்ல சூட்டில் தேய்க்க வேண்டும். காய்ந்த துணியை எத்தனை முறை தேய்த்தாலும் பழைய மடிப்பின் தடம் மங்கலாக நின்றுகொண்டே இருக்கும். தேய்த்தவுடன் மடிக்காமல் அப்படியே தொங்கவிட்டுச் சூடு ஆறவிடுங்கள். சூடாக மடித்தால் புது மடிப்பு பழையதைவிட அழுத்தமாக விழும்.

கஞ்சி போட்ட துணியா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வேட்டிக்கு அழகு தரும் அந்த மொடமொடப்பு பின்னணித் துணிக்கு ஆகாது. ஒரு முறை மடங்கிவிட்டால் கஞ்சி அந்தக் கோட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசிய பிறகு தேயுங்கள்.

பாலியஸ்டர் என்றால் குறைந்த சூடு, பின்பக்கம், மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி. சூடு அதிகமானால் அந்த இடம் பளபளப்பாகிவிடும். கோடாவது ஒரு கோடுதான். பளபளத் திட்டு ஒவ்வொரு படத்திலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அதற்கு மாற்று கிடையாது. வெல்வெட்டின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது. குளியலறையில் வெந்நீர் ஆவியில் தொங்கவிட்டு, பின்பக்கமிருந்து கையால் நீவினாலே மடிப்பு நெகிழும்.

இது திரும்ப வராமலிருக்க ஒரே வழி, மடிக்காமல் சுருட்டி வைப்பது. குழாய்க் கடையில் கிடைக்கும் பிவிசி குழாயைத் துணியின் அகலத்துக்கு வெட்டி வாங்கி, துணியின் முகம் உள்பக்கம் இருக்கும்படி சுருட்டி, படுக்கைவசமாக வையுங்கள். நிற்க வைத்தால் துணி கீழே சரிந்து அடியில் கொசுவம் விழும்.

## அறிகுறி 2: சாய்வாக அல்லது வளைந்து ஓடும் அலைகள்

துணி தேய்க்கப்பட்டிருக்கும், ஆனால் கட்டியவிதம் சரியில்லை. அலை எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். அநேகமாக ஒரு கிளிப்பிலோ ஆணியிலோ போய் முடியும். அந்த இடத்தில் இழுப்பு அதிகம், இரு பக்கமும் தொய்வு.

இரண்டே இடத்தில் கட்டித் தொங்கவிட்ட துணி நடுவில் மாலைபோலத் தொய்யும். மேல் விளிம்பு முழுவதும் ஒரே அளவு பிடிப்பு வேண்டும். மேல் ஓரத்தைத் தைத்து அதற்குள் குழாயை நுழைப்பது சிறந்தது. தைக்க நேரமில்லை என்றால் குழாயில் துணியை ஒரு சுற்றுச் சுற்றி அரை அடிக்கு ஒரு கிளிப் போடுங்கள். அடி விளிம்பிலும் இன்னொரு குழாய் வேண்டும். அதன் கனமே துணியைக் கீழ்நோக்கி நேராக இழுத்துவிடும். அதற்குப் பிறகும் பக்கவாட்டில் அலை இருந்தால், இரு ஓரங்களையும் கம்பத்தோடு சேர்த்துக் கிளிப் போட்டு மெல்ல இழுங்கள். எப்போதும் எதிரெதிராக இழுக்க வேண்டும்: இடது மேல், வலது மேல், இடது நடு, வலது நடு. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் துணி கோணலாகி, புதிதாகச் சாய்வு அலை விழும்.

இழுத்துக் கட்டியும் அலை போகவில்லை என்றால் துணியே குறுக்கிழை கோணிய துணியாக இருக்கலாம். நுனியில் ஒரு நூலை உருவிப் பாருங்கள். நூல் ஓரத்துக்குச் செங்குத்தாக ஓடாமல் சாய்ந்து போனால், அந்தத் துணியோடு போராட வேண்டாம். இழுபடும் பின்னல் துணி, அதாவது விளையாட்டு உடைகளுக்குப் பயன்படுத்தும் வகை, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினால் அலையே இல்லாமல் நிற்கும். இனி ஒரு துணி வாங்கப் போகிறீர்கள் என்றால் அதையே வாங்குங்கள்.

## அறிகுறி 3: தேய்த்தும் கட்டியும் பொடிக் கசங்கல் தெரிகிறது

இங்கேதான் பென்சில். துணியின் நடுவில் பென்சிலின் அடியை வைத்து, துணியிலிருந்து நேராக உங்களை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும்படி பிடியுங்கள். துணியில் அதன் நிழல் எவ்வளவு நீளம் விழுகிறது என்று பாருங்கள்.

நிழல் பென்சிலைவிட நீளமாக இருந்தால், வெளிச்சம் துணியை உரசிக்கொண்டு போகிறது என்று பொருள். மாலை வெயிலில் சின்னக் கல்லுக்கும் நீண்ட நிழல் விழுவதைப்போல, அரை மில்லிமீட்டர் மேடுகூட ஒரு கோடு போட்டுக் காட்டும். நிழல் பென்சிலில் பாதி அளவுக்குக் குறைந்துவிட்டால் அதே கசங்கல் கண்ணுக்கும் கேமராவுக்கும் ஏறக்குறைய மறைந்துவிடும். துணியைத் தொடக்கூட வேண்டியிருக்காது.

நிழலைக் குறைக்கச் செலவில்லாத வழிகளை முதலில் பாருங்கள்.

துணி ஜன்னலை ஒட்டிய சுவரில் இருக்கிறதா? அப்படியானால் ஜன்னல் வெளிச்சம் சுவரை உரசித்தான் வரும். துணியை ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டு, நீங்கள் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று எடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பல வீடுகளில் வேலை முடிந்துவிடுகிறது. துணிக்கு நேர் மேலே கூரையில் டியூப் லைட் எரிந்தால் அணைத்துவிடுங்கள். மேலிருந்து உரசும் வெளிச்சம் குறுக்குக் கசங்கல்களை எழுப்பிக் காட்டும்.

அடுத்து, நிழலின் விளிம்பைப் பாருங்கள். கத்திபோலக் கூராக இருந்தால் வெளிச்சம் மிகச் சிறிய இடத்திலிருந்து வருகிறது. ஜன்னலுக்கு ஒற்றை மடிப்பில் வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். விளக்கு என்றால் அதற்கும் துணிக்கும் நடுவே ஒரு வெள்ளைத் துணியோ டிரேசிங் பேப்பரோ தொங்கவிடுங்கள். விளக்கை ஒட்டி வைத்தால் பயன் குறைவு. இரண்டு அடியாவது தள்ளி, வெளிச்சம் அந்தத் திரை முழுவதும் பரவ வேண்டும். எல்இடி விளக்குக்கு மட்டுமே இப்படிச் செய்யுங்கள். ஹாலஜன் விளக்கு துணியைப் பற்றவைத்துவிடும்.

மூன்றாவது வழி, பொருளைத் துணியிலிருந்து பிரிப்பது. பெரும்பாலான வீடுகளில் மேசை சுவரோடு ஒட்டியிருக்கும், பொருளுக்கும் துணிக்கும் அரை அடிகூட இருக்காது. மேசையை முன்னால் இழுத்து 3 முதல் 4 அடி இடைவெளி கொடுங்கள். துணி குவியத்திலிருந்து விலகி மங்கும், அதோடு கசங்கலும் கரையும். பெரிய கேமரா என்றால் f/4 அல்லது f/5.6 போதும். போன் என்றால் நீங்கள் பின்னால் நகர்ந்து, இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ நெருக்கிக் காட்டும் லென்ஸைப் பயன்படுத்துங்கள். அகல லென்ஸில் பின்னணி மங்கவே மங்காது. போனின் போர்ட்ரெய்ட் முறையைக் கண்ணாடிப் பொருளுக்கும் கூடை, பூ போன்ற மெல்லிய ஓரமுள்ள பொருளுக்கும் நம்பாதீர்கள். ஓரத்தைக் கடித்துவிடும்.

துணி தூரமாகப் போய்விட்டால் மேசைக்கும் துணிக்கும் நடுவே விளிம்பு தெரியுமே என்று கேட்பார்கள். துணி நீளமாக இருந்தால் மேலிருந்து தொங்கி, வளைந்து, மேசைமேல் படர்ந்து வரும்படி விடுங்கள். வளைவு பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமாக வளைத்தால் அந்த இடத்திலேயே புதிதாக ஒரு நிழல் கோடு விழும்.

## அறிகுறி 4: ஒரு பக்கம் வெளுப்பு, மறுபக்கம் இருட்டு

விளக்கு துணிக்கு மிக அருகில் இருக்கிறது. துணியின் அருகு ஓரம் விளக்கிலிருந்து 2 அடியிலும், எதிர் ஓரம் 6 அடியிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தூரம் மூன்று மடங்கு. எதிர் ஓரத்துக்குப் போய்ச் சேரும் வெளிச்சமோ ஒன்பதில் ஒரு பங்கு. அதே விளக்கை 4 அடி பின்னால் நகர்த்தினால் தூரங்கள் 6 அடியும் 10 அடியும் ஆகும். இப்போது எதிர் ஓரத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கிடைக்கும். மொத்த வெளிச்சம் குறையும், உண்மைதான். முக்காலி இருந்தால் ஷட்டரைச் சற்று அதிக நேரம் திறந்து வைத்து ஈடுகட்டலாம்.

பின்னால் நகர்த்த அறையில் இடமில்லை என்றால் விளக்கின் முகத்தைத் திருப்புங்கள். பலரும் விளக்கைத் துணியின் நடுவை நோக்கி வைக்கிறார்கள். எதிர் ஓரத்தை நோக்கித் திருப்பினால் பிரகாசமான நடுப்பகுதி தூரத்து ஓரத்துக்குப் போகும், மங்கலான விளிம்பு வெளிச்சம் அருகிலிருக்கும் ஓரத்துக்குக் கிடைக்கும். இரண்டும் நெருங்கி வரும்.

அதுவும் போதாவிட்டால் இருண்ட பக்கத்தில் ஒரு தெர்மகோல் அட்டையை நிறுத்தி வெளிச்சத்தைத் திருப்பி விடுங்கள். அதற்குப் பிறகுதான் இரண்டாவது விளக்கு. இரண்டு விளக்கும் ஒரே வகை, ஒரே வாட், துணியிலிருந்து ஒரே தூரம், இரு பக்கமும் ஒரே சாய்வு.

இரண்டும் சமமா என்று அறிய மறுபடி பென்சிலை நீட்டுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு நிழல் விழும். இரண்டும் ஒரே அளவு கருமையாக இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் சமம். ஒரு நிழல் அழுத்தமாக இருந்தால், அந்த நிழலுக்கு எதிர்ப்பக்க விளக்கு வலுவாக இருக்கிறது. அதை அரை அடி பின்னால் தள்ளிவிட்டு மீண்டும் பாருங்கள். துணியின் நடுவில் சமமாக்கிய பிறகு, இரு ஓரங்களிலும் பென்சிலை வைத்துப் பாருங்கள். அங்கே நிழல்கள் கொஞ்சம் வேறுபடும், அது இயல்பு. ஆனால் இடது ஓரத்தில் எவ்வளவு வேறுபடுகிறதோ, வலது ஓரத்திலும் எதிர்ப்பக்கமாக அதே அளவு வேறுபட வேண்டும்.

## அறிகுறி 5: நான்கு மூலையும் இருட்டு

இது துணியின் குறையா, லென்ஸின் குறையா என்று தெரியாமலேயே விளக்கை நகர்த்திக்கொண்டிருந்து அரை நாளைத் தொலைத்தவர்களை நான் அறிவேன். சோதனை எளிது. துணியின் நடுப்பகுதி சட்டத்தின் ஓரத்துக்கு வரும்படி கேமராவைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். கணினியில் அந்தப் படத்தை முதல் படத்தின் பக்கத்தில் வையுங்கள். இருட்டு சட்டத்தின் அதே மூலைகளிலேயே நின்றால் லென்ஸ். துணியோடு சேர்ந்து நகர்ந்தால் வெளிச்சம்.

லென்ஸ் என்றால் துளையை இரண்டு படி சிறிதாக்குங்கள், அதாவது f/2.8 என்றால் f/5.6. அல்லது சற்று அகலமாக எடுத்து ஓரங்களை வெட்டிவிடுங்கள். வெளிச்சம் என்றால் நான்காவது அறிகுறிக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 6: ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம்

பென்சிலின் இரண்டு நிழல்களும் இரண்டு நிறமாக இருக்கும்: ஒன்று மஞ்சள் சாயல், மற்றொன்று நீலச் சாயல். இரண்டு வகை வெளிச்சம் கலந்திருக்கிறது. ஜன்னலோ விளக்கோ, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வாங்கும்போது பெட்டியில் 6500K என்று போட்டிருந்தால் எல்லாமே 6500K ஆகட்டும். 3000K விளக்கு ஒன்று கலந்தாலும் வெள்ளைத் துணி இரு நிறமாகும். பக்கத்துச் சுவர் பச்சையோ ரோஸோ என்றால் அந்த நிறமும் துணியில் படியும். சுவர்மேல் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள்.

நிழல் இரண்டும் ஒரே நிறம், ஆனால் துணியில் நீலத் திட்டுகள் என்றால் சலவையில் போட்ட சொட்டு நீலம் சரியாகக் கரையவில்லை. நன்றாக அலசுங்கள். பின்னணித் துணிக்கு இனி நீலம் போட வேண்டாம்.

## அறிகுறி 7: குறுக்கே மங்கலான பட்டைகள்

துணியில் தடவிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அடுத்தடுத்து எடுக்கும் படங்களில் பட்டை இடம் மாறும். இது விளக்கின் மினுக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. போனில் ப்ரோ முறைக்குப் போய் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். பட்டை மறைந்துவிடும். மறையாவிட்டால் அந்த விளக்கை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. வெளிச்சத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரில் போட்டிருந்தால் முதலில் அதை நீக்கிப் பாருங்கள்.

## அறிகுறி 8: துணி மங்கிவிட்டது, பாட்டிலுக்குள் மட்டும் கோடு

சென்ற ஆண்டு செக்கு நல்லெண்ணெய் விற்கும் ஓர் அம்மா ஆறு பாட்டில்களோடு அழைத்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. இடப்பக்கச் சுவரில் ஜன்னல், அதை ஒட்டிய சுவரில் இரண்டு மீட்டர் அகல வெள்ளைத் துணி, அதோடு ஒட்டினாற்போல் மேசை, மேலே டியூப் லைட். வெறும் துணியின் படத்தைக் கணினியில் திறந்து, நிறம் எடுக்கும் கருவியால் அளந்தேன். முழு வெள்ளை 255 என்ற கணக்கில் இடது ஓரம் 238, வலது ஓரம் 165. பென்சில் நிழலோ பென்சிலைப்போல இரு மடங்கு.

டியூப் லைட்டை அணைத்தோம். ஜன்னலில் வேட்டி கட்டினோம். துணியை எதிர்ச் சுவருக்கு மாற்ற முடியவில்லை, அங்கே பீரோ. அதனால் துணியின் இடது ஓரத்தை ஜன்னலிலிருந்து மூன்று அடி தள்ளினோம், வலப்பக்கம் தெர்மகோல் அட்டை இரண்டை நிறுத்தினோம், மேசையை மூன்றரை அடி முன்னால் இழுத்தோம். இப்போது இடது 231, வலது 212. பின்னணி வழவழவென்று மங்கி அழகாக வந்தது. ஆனால் பாட்டிலுக்குள், எண்ணெயின் இடது பாதியில், செங்குத்தாகக் கருங்கோடு ஒன்று கூராக நின்றது. "பாட்டிலில் கீறல் விழுந்திருக்கிறதா, சார்?" என்று அந்த அம்மா பதறிவிட்டார். பாட்டிலைச் சுழற்றினேன், கோடு நகரவில்லை. அப்படியானால் கீறல் இல்லை, துணி.

எண்ணெய் நிறைந்த உருண்டைப் பாட்டில் தானே ஒரு லென்ஸ். பின்னால் இருப்பதை இட வலமாகத் திருப்பிக் காட்டும். சட்டத்துக்கு வெளியே இருக்கும் பகுதியையும் சுருக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். முக்கியமாக, பின்னணியின் பிம்பத்தைத் தன் அருகிலேயே உருவாக்குவதால், பாட்டிலைக் குவியப்படுத்தும்போது அதுவும் கூராகிவிடும். துணியைத் தூரமாக்கி மங்கச் செய்யும் வழி இங்கே பலிக்காது.

ஆகவே தேட வேண்டிய இடம் எதிர்ப்பக்கம். பாட்டிலில் இடப்பக்கம் கோடு என்றால், துணியில் வலப்பக்கம், கேமராவுக்குத் தெரியாத பகுதிவரை பாருங்கள். உதவிக்கு ஒருவரைத் துணியின்மேல் கையை மெல்ல நகர்த்திக்கொண்டே போகச் சொல்லிவிட்டு நீங்கள் கேமராவில் பாட்டிலைக் கவனியுங்கள். கை எப்போது கோட்டை மறைக்கிறதோ அங்கேதான் குற்றவாளி. அந்த அம்மாவின் துணியில் அது வலது ஓரத்தில் சட்டத்துக்கு வெளியே இருந்த ஒரு கொசுவம்; ஓரக் கிளிப்பை இழுத்துப் போட்டதும் கோடு போய்விட்டது. பாட்டிலின் இரு ஓரங்களிலும் மெல்லிய கருமை மிச்சமிருந்தது. அது துணி முடிந்த பிறகு தெரிந்த அறையின் இருட்டு. அதை விட்டுவைத்தேன், வெள்ளைப் பின்னணியில் கண்ணாடியின் விளிம்பைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

பாட்டிலுக்குப் பின்னால் துணியே வேண்டாம், ஒரு வெள்ளை அட்டையை மறைவாக வைக்கலாமே என்று கேட்டால், வைக்கலாம். பாட்டிலின் வடிவத்துக்குச் சற்றுச் சிறியதாக வெட்டி, பின்னால் இரண்டு அங்குலத்தில் நிறுத்தினால் எண்ணெய் நன்றாக ஒளிரும், துணியின் குறை உள்ளே வராது. ஆறு பாட்டிலுக்குச் சரி. அறுபது பாட்டிலுக்கு வெட்டிக்கொண்டிருக்க முடியாது.

## மிச்சத்தைக் கணினியில் தீர்ப்பது

231-க்கும் 212-க்கும் இடையே உள்ள வேறுபாட்டை விளக்கை நகர்த்தித் தீர்க்க நான் நேரம் செலவிடுவதில்லை. முக்காலியை அசைக்காமல், எக்ஸ்போஷரையும் குவியத்தையும் பூட்டி (ஐபோனில் திரையை அழுத்திப் பிடித்தால் `AE/AF LOCK` என்று வரும்) பொருளோடு ஒரு படம், பொருளை எடுத்துவிட்டு ஒரு படம். பூட்டாமல் எடுத்தால் பொருளை எடுத்தவுடன் போன் தானே வெளிச்சத்தை மாற்றிவிடும், பிறகு இது பயன்படாது.

கிம்ப் என்ற இலவச மென்பொருளில் பொருள் படத்தைத் திறந்து, `File > Open as Layers` வழியாக வெறும் துணிப் படத்தை அதன்மேல் போடுங்கள். மேல் அடுக்குக்கு `Filters > Blur > Gaussian Blur` கொடுங்கள். வெளிச்ச வேறுபாடு மட்டும் போனால் போதும் என்றால் 80 போலப் பெரிய அளவு. லேசான அலையையும் சேர்த்து நீக்க வேண்டும் என்றால் 4 அல்லது 5. பிறகு அந்த அடுக்கின் `Mode` என்ற இடத்தில் `Divide` என்று மாற்றினால் பின்னணி முழுவதும் ஒரே வெள்ளையாகிவிடும். அமேசான் போன்ற தளங்கள் முதன்மைப் படத்துக்கு 255, 255, 255 என்ற தூய வெள்ளையைக் கேட்கின்றன. இந்த வழி அங்கேயே கொண்டுபோய் நிறுத்துகிறது.

இதற்கு எல்லை உண்டு. துணியைவிட வெளிச்சமான எந்த இடமும், பாட்டில் தோளில் உள்ள பளபளப்புப் போன்றவை, வெளுத்துத் தட்டையாகும். அங்கே மட்டும் அடுக்கு மறைப்பைப் போட்டு மென்மையான தூரிகையால் பழையபடி விட்டுவிடுங்கள். துணியின் ஓரம் ஏற்கனவே 255-ஐத் தொட்டிருந்தால் அங்கே திருத்த ஒன்றும் மிஞ்சியிருக்காது. எடுக்கும்போதே 235-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருண்ட பக்கம் வெளிச்சப் பக்கத்தில் பாதியைவிடக் குறைவு என்றால் கணினியை விட்டுவிட்டு நான்காவது அறிகுறிக்கே போங்கள். இருட்டை இழுத்து ஏற்றினால் புள்ளி புள்ளியாக வரும்.

## எப்போது இன்னொருவரைக் கூப்பிடுவது?

பட்டு, வெல்வெட் பின்னணியில் பழைய மடிப்பு போகவில்லை என்றால் நீராவி இஸ்திரி வைத்திருக்கும் டிரை கிளீனிங் கடைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போதே மடிக்காமல் குழாயில் சுருட்டித் தரச் சொல்லுங்கள். பாலியஸ்டரில் சூட்டுப் பளபளப்பு விழுந்துவிட்டால் யாராலும் எடுக்க முடியாது, புதுத் துணிதான். தொடர்ந்து படம் எடுப்பவர் என்றால் அந்தப் பணத்தில் மடிப்பே விழாத காகிதச் சுருளை யோசிக்கலாம். 2.72 மீட்டர் அகலத்திலும், அதில் ஏறக்குறைய பாதியான 1.35 மீட்டரிலும் கிடைக்கிறது. சிறு பொருளுக்குப் பாதி அகலமே போதும். அழுக்கானால் அந்த முழத்தை வெட்டிப் போட்டுவிடலாம்.

விளக்கை மாற்றியும் பட்டை வருகிறது, வீட்டில் மற்ற விளக்குகளும் மங்கி மங்கி எரிகின்றன என்றால் கேமராவை வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

பித்தளை, வெள்ளி, எவர்சில்வர் பாத்திரங்களுக்கு மேலே சொன்னவை பாதிதான் உதவும். அவற்றில் துணியோடு சேர்ந்து விளக்கு, கேமரா, உங்கள் முகம் எல்லாம் தெரியும். சுற்றிலும் வெள்ளைக் கூடாரம் அமைத்து எடுக்கும் ஸ்டுடியோவுக்கு அவற்றை அனுப்பிவிடுங்கள். போகும்போது வெறும் பின்னணியையும் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள்.